நாக் செய்வதா, ஜின்னுக்குக் காத்திருப்பதா?

கேள்வி: "ஜின் ரம்மியில் உதிரிச் சீட்டுகளின் கூட்டுத்தொகை 10-க்குள் வந்தவுடன் நான் நாக் செய்துவிடுகிறேன். என்னோடு ஆடுபவர் பொறுமையாக இருந்து ஜின் அடித்து 25 போனஸ் வாங்கிக்கொண்டே போகிறார். சில சமயம் நான் நாக் செய்தபோதே என்னை அண்டர்கட் செய்துவிடுகிறார். எப்போது நாக் செய்ய வேண்டும், எப்போது ஜின்னுக்காகக் காத்திருக்க வேண்டும்? உதிரியை வேகமாக எண்ண வழி இருக்கிறதா?"

எண்ணுவதிலிருந்து தொடங்குகிறேன். நாக் செய்வதா வேண்டாமா என்று தடுமாறுகிறவர்களில் பலருக்குத் தங்கள் கையில் உண்மையில் எத்தனை உதிரி இருக்கிறது என்பதே சரியாகத் தெரிவதில்லை. ஆட்டத்தைப் பல வருடங்கள் ஆடியும், புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் நான் பார்த்தது இது. கையைப் பார்த்தவுடன் கண்ணில் படுகிற முதல் செட்டை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைக் கூட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது போதும். ஆனால் ஒரே சீட்டு ஒரு செட்டிலும் ஒரு சீக்வென்ஸிலும் சேரக்கூடியதாக இருந்தால் அந்தக் கணக்கு தவறிப்போகும்.

ஒரு கையைப் பாருங்கள். டைமனில் ஆஸ், 2, 3, 4, 5. இஸ்பேட் 5, ஆட்டின் 5. கிளாவரில் 5, 6, 7. மொத்தம் பத்துச் சீட்டு. டைமன் ஐந்தையும் ஒரு சீக்வென்ஸாக வைத்து, மற்ற மூன்று ஐந்துகளையும் செட்டாக வைத்தால் கிளாவர் 6, 7 மிஞ்சும். உதிரி 13, நாக் செய்ய முடியாது. அதே கையில் கிளாவர் 5, 6, 7-ஐ சீக்வென்ஸாக எடுத்தால் இஸ்பேட் 5-ம் ஆட்டின் 5-ம் மிஞ்சும். உதிரி 10, இப்போது நாக் செய்யலாம். இன்னும் ஒரு முறை பாருங்கள். டைமனில் ஆஸ் முதல் 4 வரை மட்டும் சீக்வென்ஸாக நிறுத்திக்கொண்டு, டைமன் 5-ஐ இஸ்பேட் 5, ஆட்டின் 5-உடன் சேர்த்தால் ஒரு செட் ஆகிறது. கிளாவர் 5, 6, 7 தனியாக நிற்கிறது. உதிரி பூஜ்யம், அதாவது ஜின். ஒரே கைக்கு 13, 10, 0 என்று மூன்று விடைகள்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது கூட்டல் அல்ல. இரண்டு பக்கமும் போகக்கூடிய சீட்டு எது என்று தேடுங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் மேலும் யோசிக்க வேண்டியதில்லை, மிச்சத்தைக் கூட்டினால் முடிந்தது. ஒன்று இருந்தால் அதை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்து, குறைவான உதிரி வருகிற பக்கத்தை எடுங்கள். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட சீட்டுகள் கொண்ட சீக்வென்ஸ் இருந்தால் அதன் இரண்டு முனைகளையும் சந்தேகியுங்கள். முனைச் சீட்டைக் கழற்றினாலும் சீக்வென்ஸ் உடையாது என்பதால் அது வேறு இடத்துக்குப் போகத் தயாராக இருக்கும் சீட்டு.

இன்னொரு சிறிய விஷயம். நாக் என்பது சீட்டு எடுத்த பிறகு, ஒன்றைக் கீழே போடும்போது செய்வது. கையில் 11 சீட்டு இருக்கும்போதே உதிரியைக் கூட்டிப் பார்த்து, 17 வருகிறது என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. அந்த 17-க்குள் ஒரு 8 இருந்தால், அதைப் போட்டுவிட்டு நிற்கும் உதிரி 9 தான். மொத்த உதிரியிலிருந்து அதிலுள்ள பெரிய சீட்டைக் கழித்துப் பார்ப்பதுதான் சரியான கணக்கு. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கூட்டுவதற்குப் பதிலாக, உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் மட்டும் கணக்கில் மாற்றிக்கொண்டே வந்தால், எதிராளி சீட்டு எடுக்கும் நேரத்துக்குள் உங்கள் எண் தயாராக இருக்கும்.

இப்போது நாக்கா, ஜின்னா என்பதற்கு வருகிறேன். விதிகள் இடத்துக்கு இடம் மாறும். ஜின்னுக்கு 25 என்று வைத்துக்கொள்கிறேன், உங்கள் கேள்வியிலும் அதுதான் இருக்கிறது. 20 என்று ஆடுபவர்களும் உண்டு. அண்டர்கட்டுக்கும், அதாவது நாக் செய்தவரின் உதிரிக்குச் சமமாகவோ குறைவாகவோ வைத்திருந்து மற்றவர் வெல்வதற்கும், 25 என்றே வைத்துக்கொள்கிறேன். அங்கேயும் 10, 20 என்று வெவ்வேறு வழக்கங்கள் இருக்கின்றன. எண் மாறினாலும் கணக்குப் போடும் முறை மாறாது.

பலரும் ஜின்னை 25 புள்ளி பெரிய பரிசாகவும், நாக்கை எதிராளியின் உதிரியைப் பறிக்கும் வழியாகவும் பார்க்கிறார்கள். ஒப்பிட வேண்டியது அப்படி அல்ல. அடுத்த சுற்றில் எதிராளியின் உதிரி எதுவாக இருந்தாலும், அப்போது ஜின் அடித்தால் அந்த உதிரி முழுவதும், கூடவே 25-ம் கிடைக்கும். அப்போது நாக் செய்தால் அந்த உதிரியிலிருந்து உங்கள் உதிரியைக் கழித்தது கிடைக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 25-ம் உங்கள் உதிரியும் சேர்ந்த தொகை, அவ்வளவுதான். உங்கள் உதிரி 6 என்றால் 31. எதிராளி 40 வைத்திருந்தாலும் 12 வைத்திருந்தாலும் ஜின் உங்களுக்குக் கூடுதலாகத் தருவது அந்த 31 மட்டுமே. (நாக் செய்தால் எதிராளி தன் உதிரிச் சீட்டுகளை உங்கள் செட்டிலோ சீக்வென்ஸிலோ ஒட்டிக் கழிப்பதும், ஜின் அடித்தால் அதற்கு இடமில்லாததும் இதற்கு மேல் சிறிது சேரும்.)

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது, நீங்கள் காத்திருக்கும் ஒரு சுற்றில் எதிராளியின் உதிரி எவ்வளவு குறையும் என்பது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அடுத்த சுற்றில் எனக்கு ஜின் விழும் வாய்ப்பை 31-ஆல் பெருக்கினால் வருவது, அந்தச் சுற்றில் எதிராளி குறைத்துக்கொள்ளப்போகும் புள்ளியை விடப் பெரிதா? பெரிது என்றால் காத்திருங்கள். சிறிது என்றால் நாக் செய்யுங்கள். இந்தக் கணக்கை ஆட்டத்தின் நடுவில் துல்லியமாகப் போட யாராலும் முடியாது. தோராயமாகப் போடலாம், அதற்கு ஒரு கையை முழுவதும் திறந்து பார்ப்பது உதவும்.

இந்தக் கைக்குச் சீட்டுகளைப் பகிர்ந்து கொடுத்தவர் நீங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நான்காவது முறை. திறந்த கட்டில் ஏழு சீட்டுகள்: இஸ்பேட் 10, இஸ்பேட் ஜாக், ஆட்டின் கிங், டைமன் கிங், டைமன் 8, கிளாவர் 10, கிளாவர் 7. நீங்கள் போட்ட டைமன் குயினை எதிராளி எடுத்துக்கொண்டுவிட்டார். மூடிய கட்டிலிருந்து நீங்கள் இப்போது எடுத்தது கிளாவர் 5. கையில் இருப்பவை இவை: 9-இன் செட் ஒன்று (இஸ்பேட், ஆட்டின், டைமன்), இஸ்பேட் 2, 3, 4, கிளாவர் 4, 5, 6, இவை தவிர ஆட்டின் 6, ஆட்டின் 10. ஆட்டின் 10-ஐப் போட்டால் உதிரி 6. நாக் செய்யலாம். செய்வதா?

ஜின் கொடுக்கும் சீட்டுகளை எண்ணுவோம். 9-இன் செட்டுக்குக் கிளாவர் 9. இஸ்பேட் சீக்வென்ஸுக்கு ஆஸ் அல்லது 5. கிளாவர் சீக்வென்ஸுக்கு 3 அல்லது 7, ஆனால் 7 ஏற்கெனவே திறந்த கட்டில் கிடக்கிறது. எனவே நான்கு சீட்டுகள். நீங்கள் பார்க்காத சீட்டு மொத்தம் 33: மூடிய கட்டில் 24, எதிராளியிடம் குயின் போக 9. அடுத்த முறை நீங்கள் எடுக்கும் சீட்டு ஜின்னாக இருக்கும் வாய்ப்பு 33-இல் 4, நூற்றுக்கு 12. அதை 31-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 3.8 புள்ளி.

இதோடு இன்னொரு சிறு வரவும் இருக்கிறது. ஜின் விழாவிட்டாலும், 6-ஐ விடச் சிறிய சீட்டு வந்தால் ஆட்டின் 6-ஐப் போட்டுவிட்டு அதை வைத்துக்கொள்ளலாம். ஜின் தரும் சீட்டுகள் போக, பார்க்காதவற்றில் 6-க்குக் கீழே இன்னும் 12 சீட்டுகள் இருக்கின்றன. சராசரியாகக் கணக்கிட்டால் இது ஒரு சுற்றுக்கு 1.2 புள்ளி. ஆக ஒரு சுற்றுக் காத்திருப்பதன் மதிப்பு ஏறக்குறைய 5.

எதிராளி பக்கம் என்ன நடக்கும்? இதை நீங்கள் பார்க்க முடியாது, ஆனால் எடுத்துக்காட்டுக்காக அவர் கையைத் திறந்து வைக்கிறேன். அவரிடம் மூன்று குயின் செட்டாக இருக்கிறது (டைமன், இஸ்பேட், ஆட்டின்). மீதி ஏழு சீட்டு: ஆட்டின் 8, 7, இஸ்பேட் 6, டைமன் 6, 5, 3, கிளாவர் 3. உதிரி 38. நீங்கள் இப்போது நாக் செய்தால் கிளாவர் 3-ஐ உங்கள் கிளாவர் சீக்வென்ஸில் ஒட்டுவார், 35 நிற்கும், உங்களுக்கு 29 புள்ளி.

நாக் செய்யாமல் விட்டால் அவர் ஒரு சீட்டு எடுப்பார். மூடிய கட்டில் இருக்கும் 24 சீட்டுகளையும் ஒவ்வொன்றாக அவர் கையில் வைத்துப் பார்த்தேன். டைமன் 4 வந்தால் டைமன் 3, 4, 5, 6 என்று ஒரு சீக்வென்ஸ் ஆகி, உதிரி 38-லிருந்து 16-க்கு இறங்கிவிடும். டைமன் 7 வந்தால் 19-க்கு இறங்கும். ஆட்டின் 3 வந்தால் மூன்றுகளின் செட் ஆகி 24. ஆஸ், 2 போன்றவை வந்தால் 8-ஐப் போட்டுவிட்டு ஆறு, ஏழு புள்ளி குறைத்துக்கொள்வார். ஜாக், கிங் வந்தால் ஒன்றும் மாறாது, அதையே போட்டுவிடுவார். ஒட்டல்களைச் சேர்க்காமல் எல்லாவற்றையும் கூட்டி 24-ஆல் வகுத்தால், ஒரு சுற்றில் அவருடைய உதிரி சராசரியாகச் சரியாக 5 புள்ளி குறைகிறது.

அங்கேயும் 5, இங்கேயும் 5. இந்தச் சமநிலைதான் உங்கள் கேள்விக்கான விடையின் மையம். நான்கு சீட்டுகள் ஜின் தரக்கூடிய கை, ஆட்டத்தின் தொடக்கத்தில் ஓரத்தில் நிற்கிறது. அதே கையில் இரண்டு சீட்டுகள்தான் ஜின் தருமென்றால் காத்திருப்பதன் மதிப்பு 3-க்குச் சற்று மேலே இறங்கிவிடும், நாக் செய்வதில் எந்தச் சந்தேகமும் வேண்டியதில்லை. ஆறு சீட்டுகள் என்றால் 7-ஐ நெருங்கும், ஒரு சுற்று பொறுப்பது நியாயம். நான்கு இருக்கும் இந்தக் கையில் நானாக இருந்தால் நாக் செய்வேன். காரணம், காத்திருக்கும் சுற்றில் அவருக்கு வரும் இஸ்பேட் ஆஸ், இஸ்பேட் 5, கிளாவர் 2 போன்றவை அடுத்த முறை நான் நாக் செய்தால் ஒட்டலாகிவிடும். நான் மேலே போட்ட 5-இல் அது சேரவில்லை. ஆனால் அதே இடத்தில் ஒருவர் காத்திருந்தால் அவரை நான் தவறு சொல்ல மாட்டேன். உங்களோடு ஆடுபவர் பொறுமையாக இருப்பது எப்போதும் பொறுமையின் வெற்றி என்று நினைக்காதீர்கள். பல கைகளில் இரண்டு வழிக்கும் பெரிய வேறுபாடு இருக்காது. ஜின் விழுந்த கை நினைவில் நிற்கும், காத்திருந்து கரைந்த 20 புள்ளி நினைவில் நிற்காது.

இங்கே எனக்கு உறுதியாகத் தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். ஜின்னின் கூடுதல் மதிப்பு 25-ம் உங்கள் உதிரியும் என்பது உறுதி. 33-இல் 4 என்பதும், உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் வைத்துப் பார்த்தால் சரி. எதிராளி ஒரு சுற்றில் 5 குறைப்பார் என்பது நான் அமைத்த இந்த ஒரு கைக்கு உரியது. அவர் கையில் சேரத் துடிக்கும் ஜோடிகள் அதிகமாக இருந்தால் 7, 8 கூட ஆகலாம். சிதறிய கையாக இருந்தால் 3-க்கும் இறங்கலாம். தொடக்கச் சுற்றுகளில் நான்கிலிருந்து ஏழு வரை என்று நான் மனதில் வைத்துக்கொள்கிறேன். அது அனுபவத்தில் வந்த ஊகமே தவிர நிரூபணம் அல்ல.

ஜின் தரும் சீட்டுகளை எண்ணுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஒன்பது சீட்டுகள் சேர்ந்து ஒன்று மட்டும் உதிரியாக நிற்கும் கையில், வடிவத்தைப் பார்த்தாலே எண் தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் நீளக்கூடிய சீக்வென்ஸ் இரண்டு சீட்டுகள் தரும். மூன்று சீட்டு செட் ஒன்றுதான் தரும். ஆஸில் தொடங்கும் அல்லது கிங்கில் முடியும் சீக்வென்ஸும் ஒன்றுதான். எனவே மூன்று சீக்வென்ஸ் உள்ள கைக்கு ஆறு, மூன்று செட் உள்ள கைக்கு மூன்று. செட்டுகள் நிறைந்த கையை வைத்துக்கொண்டு ஜின்னுக்காகக் காத்திருப்பவர்கள் தாங்கள் எவ்வளவு குறுகிய வாசலில் நிற்கிறோம் என்பதை உணர்வதில்லை. ஏழு சீட்டுகள் சேர்ந்து, ஒரு ஜோடியும் தனிச் சீட்டு ஒன்றும் நிற்கிற கை என்றால் அந்த ஜோடியை முடிக்கும் சீட்டுகள் பெரும்பாலும் இரண்டு. ஆறே சீட்டுகள் சேர்ந்து நான்கு உதிரி நிற்கிறது என்றால், ஒரே சீட்டில் ஜின் ஆவது மிக அரிது. அப்போது கேள்வியே எழவில்லை, உதிரி 10-க்குள் இருந்தால் நாக் செய்யுங்கள். கேள்வியில் நீங்கள் சொல்லும் பழக்கம், அதாவது 10-க்குள் வந்தவுடன் நாக், இந்த வகைக் கைகளில் சரியான ஆட்டமே. அதை விட்டுவிட வேண்டாம்.

எண்ணிய சீட்டுகள் எல்லாம் கிடைக்கக்கூடியவைதானா என்பது அடுத்த சந்தேகம். கண்ணுக்குத் தெரியாத சீட்டுகள் எல்லாம் சம வாய்ப்புடன் மூடிய கட்டில் இருப்பதாக மேலே வைத்துக்கொண்டேன். உண்மையில் எதிராளி பெரிய சீட்டுகளைப் போட்டுவிட்டுச் சிறியவற்றைப் பிடித்து வைத்திருப்பார். ஆகவே நீங்கள் எதிர்பார்க்கும் ஆஸ், 2, 3 அவர் கையில் இருக்கும் வாய்ப்பு அதிகம். 9, 10 போன்றவை கட்டில் இருக்கலாம், அல்லது அவரே போட்டு உங்களுக்குத் தரவும் கூடும். மேலே சொன்ன கையில் கிளாவர் 3 எதிராளியிடம்தான் இருந்தது. கிளாவர் 9 மூடிய கட்டில் இருந்தது. அது அவர் கைக்கு வந்திருந்தால் அடுத்த நொடியே கீழே விழுந்திருக்கும்.

உங்களுக்கு ஜின் தரும் சீட்டும், நீங்கள் நாக் செய்தால் அவர் ஒட்டக்கூடிய சீட்டும் ஒன்றே என்பதையும் கவனியுங்கள். நீங்கள் தேடும் சீட்டு பல சுற்றுகளாக எங்கேயும் தென்படவில்லை என்றால் அது அவர் கையில் இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். அப்படியானால் ஜின் வாய்ப்பும் குறைகிறது, நாக் செய்தால் கிடைப்பதும் குறைகிறது. சீக்வென்ஸில் இது தொடர்ந்தும் நடக்கும்: கிளாவர் 3-ஐ ஒட்டியவர் அதன் பின்னால் 2-ஐயும் ஆஸையும் ஒட்டிக்கொள்ளலாம். செட்டில் அதிகபட்சம் ஒன்றுதான் ஒட்ட முடியும். உங்கள் கையில் திறந்த முனை கொண்ட சீக்வென்ஸ்கள் அதிகமாக இருந்தால், ஆட்டம் நீண்டுவிட்ட நிலையில் நாக் செய்யும்போது மனதிலுள்ள எண்ணிலிருந்து சில புள்ளிகளைக் கழித்துக்கொள்ளுங்கள். உங்களை அண்டர்கட் செய்பவர் பெரும்பாலும் இந்த வழியில்தான் செய்துகொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். 14 உதிரி வைத்திருப்பவர் 9-ஐ ஒட்டி 5-க்கு வந்துவிட்டால், உங்களுடைய 7-க்கு அவர் 2-ம் 25-ம் வாங்கிக்கொள்வார்.

இப்போது அதே உங்கள் கையை ஆட்டத்தின் கடைசிப் பகுதிக்கு நகர்த்திப் பாருங்கள். மூடிய கட்டில் எட்டு சீட்டு மிச்சம். (இரண்டு மிஞ்சும்போது யாரும் நாக் செய்யாவிட்டால் கை யாருக்கும் இல்லாமல் கலையும், எனவே எடுக்கக்கூடியது ஆறுதான்.) எதிராளியின் பத்தில் நான்கு என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஜின் தரும் நான்கில் ஒன்று விழுந்துவிட்டது, மூன்று தெரியவில்லை. பார்க்காத சீட்டு 14. அதில் 3, நூற்றுக்கு 21. ஒரு சுற்றின் மதிப்பு 6.6. எதிராளி இந்நேரம் இரண்டு செட் சேர்த்து, உதிரியாக 6, 4, 2 வைத்திருப்பதாகக் கொள்ளுங்கள், மொத்தம் 12. நீங்கள் 6-இல் நாக் செய்தால் கிடைப்பது 6. அதில் ஒன்றை அவர் ஒட்டிவிட்டால் அதுவும் போய், அண்டர்கட்டாகவும் ஆகலாம்.

காத்திருந்தால் நீங்கள் பணயம் வைப்பது அந்த 6 புள்ளியைத்தான். அவருக்கு ஒரு ஆஸ் வந்து 6-ஐப் போட்டு 7-இல் நாக் செய்தால், உங்களிடம் இருப்பது 6: நீங்கள்தான் அவரை அண்டர்கட் செய்கிறீர்கள். இரண்டு பேருக்கும் சமமாக வந்தாலும் வெற்றி நாக் செய்யாதவருக்கே. அவர் நேரடியாக ஜின் அடிப்பதும், 5-க்குள் இறங்கி நாக் செய்வதும்தான் உங்களுக்குக் கெடுதல். இந்த நிலையில் காத்திருப்பது தெளிவாக நல்லது. மூன்று சீட்டுகளில் ஒன்றிரண்டு அவர் கையில் இருந்து, 21 என்பது 12 ஆகிவிட்டாலும் என் முடிவு மாறாது.

உதிரி 10 என்றால் இதே தர்க்கம் வேறு இடத்துக்குப் போகிறது. தொடக்கத்தில் 10 நல்ல நாக். எதிராளியிடம் அப்போது 30-க்குக் குறைவாக இருப்பது அரிது. கடைசியில் 10 மோசமான நாக், காத்திருக்கவும் மோசமான கை, ஏனென்றால் அவர் 8-இல் நாக் செய்தால் நீங்கள் அண்டர்கட் செய்ய முடியாது. அங்கே செய்ய வேண்டியது ஜின்னைத் துரத்துவது அல்ல, உதிரியைக் குறைப்பது. 2 அல்லது 3 உதிரியோடு காத்திருப்பவர் ஜின் விழாவிட்டாலும் எதிராளியின் நாக்குக்குக் கண்ணி வைத்துக் காத்திருக்கிறார். 9, 10-ஓடு காத்திருப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

மேலே எல்லாவற்றிலும் எதிராளியின் உதிரி எவ்வளவு என்று எனக்குத் தெரிந்ததுபோல் எழுதினேன். உங்களுக்குத் தெரியாது; ஊகிக்க வேண்டும். நான் இரண்டு அறிகுறிகளைத்தான் நம்புகிறேன். முதலாவது, திறந்த கட்டிலிருந்து அவர் எத்தனை முறை எடுத்தார் என்பது. தேர்ந்த ஆட்டக்காரர் செட்டோ சீக்வென்ஸோ முடிந்தால்தான் பெரும்பாலும் திறந்த சீட்டைத் தொடுவார், எனவே ஒவ்வொரு எடுப்பையும் ஒரு செட் என்று கணக்கில் வைக்கலாம். மேலே டைமன் கிங் ஏற்கெனவே கீழே கிடந்ததால், டைமன் குயினை எடுத்தவரிடம் குயின் செட்டோ, டைமன் 10, ஜாக், குயின் சீக்வென்ஸோதான் இருக்க முடியும் என்று அதையும் தாண்டிச் சொல்ல முடிந்தது. இரண்டாவது, அவர் போடும் சீட்டின் உயரம். கிங், ஜாக், 10 என்று வந்துகொண்டிருந்தால் இன்னும் கையைச் சீர்செய்கிறார். திடீரென்று 4, 3 என்று விழத் தொடங்கினால் அவரிடம் போடப் பெரிய சீட்டு இல்லை. கை ஏறக்குறைய சேர்ந்துவிட்டது. அந்த நிமிடத்திலிருந்து 6, 7 உதிரியில் நாக் செய்வதை நிறுத்திவிடுங்கள், அண்டர்கட் அங்கேதான் வருகிறது. இன்னும் சேராத செட்டுக்காகத் திறந்த சீட்டை எடுத்துக் குழப்புபவர்களும் உண்டு. புதியவர்களிடம் இந்த இரண்டு அறிகுறிகளும் அவ்வளவாகச் செல்லாது.

கடைசியாக ஸ்கோர். 100-க்கு ஆடும்போது உங்களுக்கு முடிக்க 15 புள்ளிதான் தேவை, எதிராளியிடம் 25-க்கு மேல் இருப்பதாகத் தெரிகிறது என்றால், ஆறு சீட்டுகள் ஜின் தந்தாலும் நாக் செய்துவிடுங்கள். ஜின்னின் 31-இல் பெரும்பகுதி அங்கே உங்களுக்கு வீண். எதிராளி 90-ஐத் தாண்டி நிற்கிறார் என்றால் அவர் வெல்லும் எந்தக் கையும் ஆட்டத்தை முடித்துவிடும். அப்போதும் நாக்கின் பக்கமே சாயுங்கள். நீங்கள் 40 பின்தங்கியிருந்து, ஒரு பெரிய கை இல்லாமல் எட்டிப் பிடிக்க முடியாது என்ற நிலையில் மட்டும், மேலே சொன்ன சமநிலைக் கைகளில் ஜின் பக்கம் சாயலாம். முதல் திறந்த சீட்டின் மதிப்பே நாக் வரம்பாகும் ஓக்லஹோமா வகையை ஆடினால், வரம்பு 3, 4 என்று வரும் கைகளில் நாக்குக்கு வந்து சேரவே வெகுநேரம் ஆகும். அதற்குள் எதிராளியின் உதிரியும் இறங்கியிருக்கும் என்பதால், அங்கே கடைசிப் பகுதிக்குச் சொன்ன கணக்கையே தொடக்கத்திலிருந்து போடுங்கள்.